ஒரு தொகை, பல பிரதியிடல்கள்: உள்சார்பைத் தேர்வதும் எல்லைகளை மாற்றுவதும்

பிரதியிடல் முறையில் ஒரு வரையறுத்த தொகையைக் கணக்கிட உட்கார்ந்தால் இரண்டு முடிவுகளை எடுத்தாக வேண்டும். எதை u என்று வைப்பது என்பது முதல் முடிவு. எல்லைகளையும் u-வுக்கு மாற்றிவிடுவதா, அல்லது தொகையிட்டு முடித்தபின் x-க்குத் திரும்பி வந்து பழைய எல்லைகளையே போடுவதா என்பது இரண்டாவது. "எப்படிச் செய்தாலும் விடை ஒன்றுதான்" என்று சொல்லிப் பலரும் இதைக் கடந்துவிடுகிறார்கள். விடை ஒன்றுதான், ஆனால் அதற்கு ஆகும் உழைப்பு ஒன்றல்ல, வழியில் தவறுவதற்கான இடங்களும் ஒன்றல்ல. சில தொகைகளில், கவனிக்காமல் செய்தால் விடையே ஒன்றாக இருக்காது.

ஒரே தொகையை எடுத்துக்கொண்டு எல்லா வழிகளையும் அதன்மேல் வைத்துப் பார்ப்போம். கீழ் எல்லையிலிருந்து மேல் எல்லைக்குப் போகும் திசை பின்னால் முக்கியமாகப் போவதால், எல்லைகளை அம்புக்குறியுடன் எழுதுகிறேன்.

I = ∫[0→√3] x³ √(1+x²) dx

எந்த வழியையும் தொடங்குமுன் ஒரு சிறு மதிப்பீடு செய்துகொள்ளலாம். 0 முதல் √3 வரை √(1+x²) என்பது 1-க்கும் 2-க்கும் இடையில் இருக்கிறது. ஆகவே தொகைச்சார்பு x³-க்குக் குறையாது, 2x³-ஐத் தாண்டாது. x³-இன் தொகை 9/4. எனவே I-யின் மதிப்பு 2.25-க்கும் 4.5-க்கும் இடையில்தான் இருக்க முடியும். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. பின்னால் வரும் தவறுகளில் பாதியை இந்த ஒரு வரியே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி u-வைத் தேர்வோம். கண்ணில் முதலில் படுவது x³. அதை u என்று வைத்தால் du = 3x² dx. x³-இலிருந்து x² dx-ஐ du எடுத்துக்கொண்டபின் தனி x மிஞ்சுகிறது. அதையும் மூலத்துக்குள் இருக்கும் x²-ஐயும் u-வில் எழுத வேண்டும். x = u^(1/3) என்று தீர்த்து எழுதினால் வருவது இது:

(1/3) ∫ u^(1/3) √(1+u^(2/3)) du

தொடங்கியதைவிட மோசமான இடம். இந்த வழியை இங்கேயே விட்டுவிடலாம். ஆனால் அது ஏன் தோற்றது என்பதைக் கவனிக்க வேண்டும்: u-வின் வகைக்கெழுவை எடுத்தபின் மிஞ்சுவது u-வில் நேராக எழுதக்கூடியதாக இல்லை. அதை எழுத x-ஐ u-விலிருந்து நாமே தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, அந்தத் தீர்வு பின்ன அடுக்குகளைக் கொண்டுவந்தது.

அடுத்தது u = x². இதில் du = 2x dx. x³ dx என்பதை x² · x dx என்று பிரித்தால் அது (u/2) du ஆகிவிடுகிறது. தொகை இப்படி ஆகிறது:

(1/2) ∫[0→3] u √(1+u) du

இது தவறான தேர்வு அல்ல, பாதியில் நிற்கும் தேர்வு. மூன்றாம் அடுக்கு போய்விட்டது, வர்க்கமூலத்துக்குள் இரண்டு உறுப்புகள் அப்படியே இருக்கின்றன. √(1+u)-வைப் பெருக்கி விரிக்க வழியில்லை. இன்னொரு பிரதியிடல், அதாவது v = 1+u, தேவைப்படும். அந்த v வேறு எதுவும் இல்லை, 1+x² தான். அப்படியானால் அதையே முதலில் எடுத்திருக்கலாம்.

எடுத்துப் பார்ப்போம். u = 1+x² என்றால் du = 2x dx தான், ஏனென்றால் மாறிலி வகையிடும்போது மறைந்துவிடும். மீதமிருக்கும் x² இப்போது u−1 ஆகிறது. x = 0 ஆனால் u = 1; x = √3 ஆனால் u = 4.

I = (1/2) ∫[1→4] (u−1) √u du

இந்த இடத்தில்தான் வேலை எளிதாகிறது. முன்பு இரண்டு உறுப்புகள் மூலத்துக்குள் அடைபட்டிருந்தன. இப்போது மூலத்துக்குள் ஒற்றை u, வெளியே u−1. பெருக்கினால் u^(3/2) − u^(1/2). u = x² என்ற தேர்வுக்கும் u = 1+x² என்ற தேர்வுக்கும் வகைக்கெழுவில் எந்த வேறுபாடும் இல்லை. வேறுபாடு முழுவதும், மாறிலியை எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பதில் இருக்கிறது. பெருக்கி விரிக்க முடியாத இடத்திலிருந்து, விரிக்க முடிந்த இடத்துக்கு அதை நகர்த்துகிறோம். "உள்சார்பை u என்று வை" என்று சொல்வதன் உண்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். வகைக்கெழு பொருந்துகிறதா என்பதை மட்டும் பார்க்கிறவர்கள் u = x²-இலேயே நின்றுவிடுவார்கள்.

தொகையிட்டால்:

I = [u^(5/2)/5 − u^(3/2)/3], u = 1 முதல் 4 வரை
= (32/5 − 8/3) − (1/5 − 1/3)
= 31/5 − 7/3 = 58/15

58/15 என்பது ஏறத்தாழ 3.87. நாம் போட்ட வரம்புக்குள் இருக்கிறது.

இன்னும் ஒரு படி மேலே போய், மூலத்தையும் சேர்த்தே u என்று வைக்கலாம்: u = √(1+x²). இதை நேரடியாக வகையிட்டால் பின்னம் வரும் என்று பயந்து பலர் ஒதுங்குகிறார்கள். நேரடியாக வகையிட வேண்டியதில்லை. முதலில் வர்க்கப்படுத்திக்கொண்டு, u² = 1+x² என்று எழுதி, இரு பக்கமும் வகையிட்டால் 2u du = 2x dx, அதாவது x dx = u du. x² = u²−1. எல்லைகள்: x = 0 ஆனால் u = 1, x = √3 ஆனால் u = 2.

I = ∫[1→2] (u²−1) · u · u du = ∫[1→2] (u⁴ − u²) du = 31/5 − 7/3 = 58/15

பின்ன அடுக்கு ஒன்றுகூட இல்லை. முன்னால் நின்ற 1/2-உம் காணாமல் போய்விட்டது. அதை எங்காவது தொலைத்துவிடும் வாய்ப்பும் அதோடு போயிற்று. வர்க்கமூலத்துக்குள் இருப்பது முதல்படிக் கோவையாகவோ, இங்கே போல x²-ஐ மட்டும் கொண்டதாகவோ இருந்து, வெளியே இருப்பதை x dx-உம் x²-உமாகப் பிரிக்க முடிந்தால், மூலத்தையே u-வாக எடுப்பதுதான் என் விருப்பம். மூலம் இல்லாமல் வெறும் அடுக்கு மட்டும் இருந்தால், எடுத்துக்காட்டாக x³(1+x²)¹⁰ என்றால், u = 1+x² போதும்; அதற்கு மேல் போவதில் எந்த லாபமும் இல்லை.

x = tan θ என்ற வழியும் இருக்கிறது. √(1+x²)-ஐக் கண்டதும் கை தானாக அங்கே போகும். போய்ப் பார்த்தால் தொகை ∫[0→π/3] tan³θ sec³θ dθ ஆகிறது. இதைத் தீர்க்க sec θ-வை ஒரு புதிய மாறியாக எடுத்து, tan θ sec θ dθ-வை அதன் வகைக்கெழுவாகப் பிரிக்க வேண்டும். sec θ என்பது எது? √(1+x²) தான். ஒரு சுற்றுச் சுற்றி அதே u-வுக்கு வந்து சேர்கிறோம். எல்லைகளும் 0→√3, பிறகு 0→π/3, பிறகு 1→2 என்று மாறி அதே 1→2-இல் முடிகின்றன.

அப்படியென்றால் tan θ வேண்டவே வேண்டாமா? அதற்கான பதில் x-இன் அடுக்கில் இருக்கிறது. நம் தொகையில் x³-க்குப் பதில் x² இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். x² dx = x · x dx. x dx-ஐ du எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவது தனி x. அதை u-வில் எழுத √(u−1) வேண்டும்.

∫ x² √(1+x²) dx = (1/2) ∫ √(u−1) √u du, x ≥ 0 ஆனால் மட்டும்

ஒரு மூலம் இருந்த இடத்தில் இரண்டு மூலங்கள். இங்கே u = 1+x² தோற்கிறது; x = tan θ அல்லது x = sinh t தான் கைகொடுக்கும். ஆக, வெளியே x-இன் அடுக்கு ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்தாலே முதல் முடிவு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஒற்றைப்படை என்றால் ஒரு x-ஐ du-வுக்குக் கொடுத்தபின் மிஞ்சுவது இரட்டைப்படை அடுக்கு. அது u-வில் மூலமின்றி எழுதப்பட்டுவிடும். இரட்டைப்படை என்றால் மிஞ்சுவது ஒற்றைப்படை. அது மூலத்தை இழுத்துவரும். "x ≥ 0 ஆனால் மட்டும்" என்று மேலே எழுதிய வாலை மறந்துவிடாதீர்கள். அது சும்மா சேர்க்கப்பட்டதல்ல.

இனி இரண்டாவது முடிவு. u = √(1+x²) என்ற வழியையே வைத்துக்கொண்டு, எல்லைகளை மாற்றாமல் x-க்குத் திரும்பினால் எப்படி இருக்கும்?

எதிர்வகைக்கெழு u⁵/5 − u³/3. திரும்பி எழுதினால் (1+x²)^(5/2)/5 − (1+x²)^(3/2)/3. இதில் x = √3 போட வேண்டும். போட்டால் என்ன செய்வோம்? 1+3 = 4, அதன் மூலம் 2, பிறகு 2⁵, 2³. எல்லையை மாற்றும்போது ஒரே ஒரு முறை செய்த கணக்கு, அதாவது x = √3 என்றால் u = 2 என்பது, இங்கே ஒவ்வோர் உறுப்பிலும் மறுபடி வருகிறது. திரும்புதல் என்பது எல்லையை மாற்றும் வேலையைத் தவிர்ப்பதல்ல; அதைக் கடைசிக்குத் தள்ளி, பல முறை செய்வது. இரண்டு உறுப்புகள் உள்ள இடத்தில் இது பெரிய சுமை இல்லை. tan θ வழியில் இரண்டு பிரதியிடல்களை அடுக்கியிருந்தால், திரும்புவதற்கு θ-வையும் கடந்து, செங்கோண முக்கோணம் வரைந்து sec θ-வை x-இல் கண்டுபிடித்து வர வேண்டும். எல்லைகளை ஒவ்வொரு படியிலும் மாற்றிக்கொண்டே போனவர் கடைசியில் 1, 2 என்ற இரண்டு எண்களை மட்டும் போட்டு எழுந்துவிடுவார்.

இரண்டையும் கலப்பதுதான் உண்மையான ஆபத்து. மாறி u ஆகிவிட்டது, எல்லை 0, √3 என்றே நிற்கிறது:

∫[0→√3] (u⁴ − u²) du = 9√3/5 − √3 = 4√3/5

இந்த விடை பார்வைக்கு அழகாக இருப்பதுதான் தொல்லை. √3 எல்லையில் இருந்ததால் விடையிலும் √3 வருவது இயல்புதானே என்று மனம் ஒப்புக்கொண்டுவிடும். ஆனால் 4√3/5 என்பது ஏறத்தாழ 1.39. நம் கீழ் வரம்பு 2.25. வரம்புக்கு வெளியே விழுந்துவிட்டது. மதிப்பீடு போட்டிருக்காவிட்டால் இது பிடிபட்டிருக்காது.

இந்தக் கலப்பு வெறும் கவனக்குறைவால் மட்டும் வருவதில்லை. x-க்குத் திரும்பப்போகிறோம் என்ற எண்ணத்தில், இடையில் ∫[0→√3] (u⁴−u²) du என்று எழுதி, கடைசியில் x-க்குத் திரும்பி 58/15 என்று சரியாகவே முடிப்பவர்கள் உண்டு. விடை சரி, நடு வரி பொய். அந்தச் சமக்குறியின் இரு பக்கமும் சமமில்லை. திரும்புவதாக இருந்தால் எல்லைகளை முழுவதுமாக எடுத்துவிட்டு, வரையறாத தொகையைத் தனியாக ஓரமாகச் செய்து, x-இல் வந்தபின் எல்லைகளைப் போட வேண்டும்.

தொகைக்குறியின் கீழும் மேலும் எல்லைகளை எழுதும் வழக்கத்தைப் பரப்பியவர் ஃபூரியே. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ∫ என்ற குறியோ லைப்னிட்ஸ் 1675-இல் தம் குறிப்புகளில் எழுதியது. வசதியான குறியீடு, மறுப்பதற்கில்லை. ஆனால் கீழே 0 என்று மட்டும் எழுதினால் அது எந்த மாறியின் 0 என்று தெரிவதில்லை. கடைசியில் நிற்கும் dx அல்லது du-வைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பிரதியிடல் செய்யும் வரிகளில் மட்டுமாவது x = 0, u = 1 என்று மாறியின் பெயரோடு எல்லையை எழுதினால், மேலே கண்ட கலப்பு தாளிலேயே கண்ணை உறுத்தும்.

திரும்புவதற்கும் ஓர் இடம் இருக்கிறது. மேல் எல்லை எண்ணாக இல்லாமல் t என்று இருந்து, விடை t-இன் சார்பாக வேண்டுமானால், அல்லது ஒரே தொகைச்சார்பை ஐந்தாறு வெவ்வேறு இடைவெளிகளில் மதிப்பிட வேண்டுமானால், x-இல் எழுதப்பட்ட எதிர்வகைக்கெழு கையில் இருப்பது நல்லது. வகையிட்டுச் சரிபார்க்கவும் அது உதவும். ஒற்றை எண்ணை விடையாகக் கேட்கும் கணக்கில் எல்லையை மாற்றுவதுதான் சிக்கனம்.

எல்லையை மாற்றும்போது கைப்பழக்கத்தால் வரும் சிறிய தவறு ஒன்று உண்டு. நம் தொகையில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் இருப்பதாகக் கொள்வோம்:

∫[0→1] x³ √(1−x²) dx

u = 1−x² என்றால் x dx = −du/2. x = 0 ஆனால் u = 1, x = 1 ஆனால் u = 0. ஆகவே தொகை −(1/2) ∫[1→0] (1−u) √u du. எல்லைகள் தலைகீழாக இருக்கின்றன. "சிறியது கீழே, பெரியது மேலே" என்ற பழக்கத்தில் 0→1 என்று எழுதிவிட்டு, முன்னால் உள்ள கழித்தல் குறியையும் அப்படியே விட்டால் −2/15 வரும். தொகைச்சார்பு எங்குமே எதிர்மறை ஆகாத இடத்தில் எதிர்மறை விடை. சரியான விடை 2/15. எல்லையைத் திருப்பினால் குறி மாறும், திருப்பாவிட்டால் மாறாது; x-இன் கீழ் எல்லை எந்த u-வுக்குப் போகிறதோ அதுவே u-வின் கீழ் எல்லை, அது பெரிய எண்ணாக இருந்தாலும்.

இதுவரை வந்தவை எல்லாம் கவனத்தால் தீரும் தவறுகள். இனி வருவது வேறு வகை. நம் முதல் தொகையையே −1 முதல் 1 வரை எடுப்போம்.

∫[−1→1] x³ √(1+x²) dx

u = 1+x² என்றால் x = −1 ஆனாலும் u = 2, x = 1 ஆனாலும் u = 2. புதிய தொகை ∫[2→2], மதிப்பு பூச்சியம். எல்லைகள் ஒன்றாகிவிட்டனவே, இது செல்லுமா? செல்லும். தொகைச்சார்பு ஒற்றைச் சார்பு. இடப்பக்கம் எதிர்மறையாகச் சேர்ந்தது வலப்பக்கம் நேர்மறையாகக் கழிந்துவிடுகிறது. விடை உண்மையிலேயே பூச்சியம்.

இப்போது x³-க்குப் பதில் x²:

∫[−1→1] x² √(1+x²) dx

அதே u, அதே எல்லைகள், 2→2. மறுபடி பூச்சியம் வருகிறது. ஆனால் தொகைச்சார்பு x = 0 தவிர எங்கும் நேர்மறை. x²-இன் தொகை மட்டுமே 2/3. உண்மையான மதிப்பு அதைவிடக் கூடுதலாக, ஏறத்தாழ 0.84. அதே பிரதியிடல் ஒன்றில் உண்மை சொல்லி, அடுத்ததில் பொய் சொல்கிறது. ஏன்?

பிரதியிடல் விதி சொல்வது இது:

∫[a→b] f(g(x)) g′(x) dx = ∫[g(a)→g(b)] f(u) du

g′ தொடர்ச்சியாக இருக்க வேண்டும். g எடுக்கும் மதிப்புகள் அனைத்திலும் f தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. g ஏறிக்கொண்டே இருக்க வேண்டும் என்றோ, ஒன்றுக்கொன்றாக இருக்க வேண்டும் என்றோ விதி கேட்கவில்லை. F என்பது f-இன் எதிர்வகைக்கெழு என்றால், சங்கிலி விதிப்படி F(g(x))-இன் வகைக்கெழுதான் இடப்பக்கத்துத் தொகைச்சார்பு. ஆகவே இரு பக்கமும் F(g(b)) − F(g(a)). நடுவில் g எத்தனை முறை ஏறி இறங்கினாலும் கவலையில்லை.

x³√(1+x²) என்பது உண்மையிலேயே f(g(x)) g′(x) என்ற வடிவில் இருக்கிறது; f(u) = (1/2)(u−1)√u. அதனால் 2→2 என்பது நியாயமான பூச்சியம். x²√(1+x²) அந்த வடிவில் இல்லை. அந்த வடிவுக்குள் தள்ள, மிஞ்சிய x-ஐ √(u−1) என்று எழுதினோம். x எதிர்மறையாக இருக்கும்போது √(u−1) என்பது x அல்ல, −x. முன்பு எழுதிய "x ≥ 0 ஆனால் மட்டும்" என்ற வால் இங்கேதான் கடிக்கிறது. −1 முதல் 0 வரை ஒரு சூத்திரம், 0 முதல் 1 வரை வேறு சூத்திரம்; இரண்டையும் ஒன்றாக எண்ணி எழுதியதால் பூச்சியம் வந்தது.

ஆகவே பார்க்க வேண்டியது எல்லைகள் ஒன்றாகிவிட்டனவா என்பதல்ல. u-விலிருந்து x-ஐத் தீர்த்து எழுதினோமா என்பதுதான். தீர்க்காமல், x தானாகவே u-வாக மாறியிருந்தால், விதியின் தொடர்ச்சி நிபந்தனைகள் நிற்கும் எந்த இடைவெளியிலும் எல்லையைத் துணிந்து மாற்றலாம். வர்க்கமூலம் எடுத்தோ, cos x = √(1 − sin²x) என்று எழுதியோ தீர்த்திருந்தால், அந்தத் தீர்வு இடைவெளி முழுவதும் ஒரே குறியோடு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்காத புள்ளியில் இடைவெளியை வெட்டி, இரண்டு தொகைகளாகச் செய்ய வேண்டும். எல்லைகள் ஒன்றாகாதபோது இந்தத் தவறு இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும். ∫[−1→2] x² dx-ஐ வீம்புக்கு u = x² என்று செய்துபார்த்தால் (1/2) ∫[1→4] √u du = 7/3 வருகிறது; சரியான விடை 3. 7/3 என்பதில் சந்தேகப்பட எதுவும் தெரிவதில்லை.

"இதனால்தான் நான் எப்போதும் x-க்குத் திரும்பிவிடுகிறேன், அது பாதுகாப்பு" என்று ஒருவர் சொல்லலாம். ஒருவகையில் அது நம்பத்தக்க வாதமாகத் தெரியும். ஆனால் பிரதியிடலே இடைவெளிக்குப் பொருந்தாதபோது, திரும்புவதும் காப்பாற்றாது. அதற்கு ஒரு தெளிவான எடுத்துக்காட்டு:

J = ∫[0→π] dx / (1+cos²x)

முதலில் மதிப்பீடு: பகுதி 1-க்கும் 2-க்கும் இடையில் இருப்பதால் J, π/2-க்கும் π-க்கும் இடையில் இருக்க வேண்டும். மேலும் கீழும் cos²x-ஆல் வகுத்தால் sec²x / (sec²x + 1). t = tan x என்று வைத்தால் sec²x dx = dt, sec²x = 1+t². தொகை ∫ dt/(t²+2) ஆகிறது. உள்சார்பின் தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை; வகைக்கெழு அப்படியே காரணியாக நிற்கிறது, மூலம் எதையும் தீர்க்கவில்லை.

எல்லைகளை மாற்றினால் tan 0 = 0, tan π = 0. ஆகவே J = 0. மதிப்பீட்டோடு நேரடி மோதல். சரி, திரும்பிப் பார்ப்போம். எதிர்வகைக்கெழு (1/√2) tan⁻¹(tan x / √2). x = π போட்டால் 0, x = 0 போட்டாலும் 0. அதே பூச்சியம். திரும்பியும் தப்பவில்லை.

காரணம் x = π/2-இல் இருக்கிறது. அங்கே tan x முடிவிலிக்கு ஓடி, மறுபக்கம் எதிர்மறை முடிவிலியிலிருந்து திரும்பி வருகிறது. விதி கேட்ட "g′ தொடர்ச்சியாக இருக்க வேண்டும்" என்ற நிபந்தனை அங்கே உடைகிறது. x-இல் எழுதிய எதிர்வகைக்கெழுவும் அதே புள்ளியில் (1/√2)(π/2)-இலிருந்து −(1/√2)(π/2)-க்குக் குதிக்கிறது. குதிக்கும் சார்பின் இரு முனை மதிப்புகளைக் கழித்தால் தொகை கிடைக்காது. அந்தக் குதிப்பின் அளவு விடுபட்டுப்போகும். அந்த அளவு π/√2.

எல்லையை மாற்றியவருக்கு இங்கே ஒரு சிறு நன்மை உண்டு. அவர் கையில் 0→0 என்ற வெளிப்படையான எச்சரிக்கை வந்து நிற்கிறது. நேர்மறைச் சார்புக்கு 0→0 என்றால் உடனே நின்று யோசிப்பார். திரும்பியவர் கையில் இருப்பது நீளமான, மரியாதையான தோற்றமுள்ள ஒரு சூத்திரம். அது π/2-இல் உடைந்திருப்பது பார்த்தால் தெரியாது.

சரியாகச் செய்ய, பிரதியிடலுக்கு முன்பே இடைவெளியை வெட்டிவிட வேண்டும். cos²x என்பது π/2-ஐச் சுற்றிச் சமச்சீரானது. எனவே J = 2 ∫[0→π/2] dx/(1+cos²x). இந்தப் பாதி இடைவெளிக்குள் tan x தொடர்ச்சியாக ஏறிக்கொண்டே போகிறது. x, π/2-ஐ நெருங்கும்போது t முடிவிலியை நெருங்குகிறது. ஆகவே எல்லைகள் 0→∞, மேல் எல்லையை வரம்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

J = 2 ∫[0→∞] dt/(t²+2) = 2 · (1/√2) · (π/2) = π/√2

ஏறத்தாழ 2.22. π/2 என்பது 1.57, π என்பது 3.14, விடை இரண்டுக்கும் நடுவில் விழுகிறது.